பக்கத்தில் இருந்தும் பேசாத தோழிக்கு

நாலு பேர் சேர்ந்து ஒருவரைக் கிண்டல் செய்யும்போது, கிண்டல் செய்தவர்கள் சொன்னது இரண்டு நாளில் மங்கிவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெருங்கிய நண்பர் வாயே திறக்காமல் இருந்தது அப்படி மங்குவதில்லை. மற்றவர்கள் அரைகுறையாகத் தெரிந்தவர்கள். என்ன சொன்னாலும் தெரியாமல் சொன்னார்கள் என்று ஒதுக்கிவிடலாம். நண்பருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தார் என்பதுதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது.

அந்த நண்பரிடம் இதைச் சொல்ல வேண்டுமா, சொன்னால் எப்படிச் சொல்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கிண்டல் செய்தவரிடம் சண்டை போடுவதற்கு ஆயிரம் வார்த்தைகள் கிடைக்கும். எதுவுமே செய்யாத ஒருவரிடம் என்ன குறையைச் சொல்வது? “நான் என்னடி பண்ணேன்?” என்று கேட்டுவிட்டால் அதற்குப் பதிலும் கிடையாது. அதனால் சிலர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் மெல்ல விலகிவிடுகிறார்கள். சிலர் அன்றைய இரவே கொதிப்போடு நீளமாக ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிட்டு, காலையில் எழுந்து அதைப் படித்துத் தலையில் கை வைக்கிறார்கள்.

பல வீடுகளில் நடக்கக்கூடிய ஒரு நிலையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்த ஐந்து தோழிகள், ஒருத்தியின் புதுமனை புகுவிழாவில் பல வருடம் கழித்துச் சந்திக்கிறார்கள். நால்வர் வேலையில் இருக்கிறார்கள். ஒருத்தி மட்டும் இன்னும் டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறாள். பந்தியில் உட்கார்ந்ததும் பேச்சு அவள் பக்கம் திரும்புகிறது. “நம்ம குரூப்லயே குரூப் எக்ஸாம் எழுதற ஒரே ஆளு இவதான்டி. குரூப் 4 முடிஞ்சுது, குரூப் 2 முடிஞ்சுது, இனி குரூப் போட்டோதான் பாக்கி” என்கிறாள் ஒருத்தி. இன்னொருத்தி, “ஹால் டிக்கெட்டை லேமினேட் பண்ணி வெச்சுக்கோ, வருஷா வருஷம் ஆகும்” என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவளும் சிரித்துவைக்கிறாள்.

அவள் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவள்தான் அவளுடைய உயிர்த்தோழி. மெயின்ஸ் முடிவு வந்த இரவு, பட்டியலில் பெயர் இல்லை என்று தெரிந்து அவள் போனில் அழுதபோது விடியும்வரை பேசிக்கொண்டிருந்தவள். அன்றைக்குப் பந்தியில் அந்தத் தோழி செய்தது இவ்வளவுதான்: இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கினாள், உதட்டோரமாக லேசாகச் சிரித்தாள், பிறகு ரசம் கேட்டாள்.

இந்தத் தோழிக்கு எழுதுவதற்கு முன், அவள் ஏன் பேசாமல் இருந்திருக்கலாம் என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அவளை மன்னிப்பதற்காக அல்ல. தவறான காரணத்தை அவள் தலையில் கட்டி எழுதினால், செய்தி போய்ச் சேர்ந்த நொடியே பேச்சு அந்தக் காரணத்தைப் பற்றியதாக மாறிவிடும். சொல்ல வந்த வலி பின்னால் போய்விடும்.

கூட்டத்தில் மனிதர்கள் ஏன் வாயடைத்துப் போகிறார்கள் என்பதைப் பற்றி உளவியலில் புகழ்பெற்ற ஒரு சோதனை இருக்கிறது. 1968-இல் பிப் லதானே, ஜான் டார்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அதை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் சுவரில் இருந்த துவாரம் வழியாக அறைக்குள் புகை வர ஆரம்பிக்கும். தனியாக இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் எழுந்து போய்த் தகவல் சொன்னார்கள். அதே அறையில், முன்னேற்பாட்டின்படி புகையைக் கண்டுகொள்ளாமல் எழுதிக்கொண்டிருக்கும் இரண்டு பேர் கூட இருந்தபோது, நூற்றுக்குப் பத்துப் பேர்தான் எழுந்தார்கள். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, புகையைக் கையால் விலக்கிக்கொண்டு, படிவத்தை நிரப்பினார்கள்.

அவர்கள் கோழைகள் என்று இதற்குப் பொருள் இல்லை. பக்கத்தில் இருப்பவர் முகம் அமைதியாக இருந்தது. அப்படியானால் பெரிதாக ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். பந்தியிலும் இதுதான் நடக்கிறது. அந்தத் தோழி திரும்பிப் பார்க்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். கிண்டலுக்கு ஆளானவளே சிரிக்கிறாள். உள்ளே அவளுக்கு எப்படி இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும் ஒரே முகமும் சிரிப்பை மாட்டிக்கொண்டிருக்கிறது. ‘இவளே சிரிக்கறா, நான் ஏன் நடுவுல பூந்து பெருசாக்கணும்?’ என்று தோழி நினைத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. செய்தி எழுத உட்காருகிறவர் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்: அன்றைக்கு என் முகம் என்ன சொன்னது?

ஆனால் இந்த விளக்கத்தோடு நிறுத்திக்கொள்வதும் நியாயம் இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. கனடாவின் டொரொன்டோ நகரப் பள்ளி விளையாட்டுத் திடல்களில், பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேலி செய்வதையும் சீண்டுவதையும் ஆய்வாளர்கள் வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது சம்பவங்களில் வேடிக்கை பார்க்க வேறு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் யாராவது குறுக்கிட்டது ஐந்தில் ஒரு சம்பவத்தில்தான். அப்படிக் குறுக்கிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் பத்தே விநாடியில் சீண்டல் நின்றுவிட்டது.

சாலமன் ஆஷ் என்பவர் 1950-களில் செய்த கோடு அளக்கும் சோதனையும் இதையே வேறு வழியில் காட்டுகிறது. எந்தக் கோடு எந்தக் கோட்டின் நீளத்துக்குச் சமம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கூட இருக்கும் எல்லோரும் வேண்டுமென்றே ஒரே தவறான பதிலைச் சொன்னபோது, சோதனைக்கு வந்தவர்களின் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கூட்டத்தோடு சேர்ந்து தவறானது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொல்ல ஆரம்பித்ததும் அந்தத் தவறு நூற்றுக்கு ஐந்து, ஆறு என்று சரிந்துவிட்டது. கூட நிற்க ஓர் ஆள் கிடைத்துவிட்டால் கூட்டத்தின் அழுத்தம் அந்த அளவுக்கு இறங்குகிறது.

ஆக, தோழியின் மௌனத்துக்குக் காரணம் இருந்திருக்கலாம். அந்த மௌனத்தால் இழப்பும் நிஜமாகவே ஏற்பட்டிருக்கிறது. அனுப்பும் செய்தியில் இரண்டும் இருக்க வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிட்டால் அது வசையாகவோ வழிசலாகவோ போய்விடும்.

முதல் இரவில் அவள் எழுதக்கூடியது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“நீயும் அவங்க மாதிரிதான்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இத்தனை வருஷமா உன்னைப் போய் நம்பினேனே. அவ என்னை அசிங்கப்படுத்தறா, நீ சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்க. உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? எப்பவுமே நீ இப்படித்தான். இனிமே எனக்கு போன் பண்ணாத.”

இதில் உள்ள கோபம் பொய் இல்லை. ஆனால் வரிக்கு வரி பார்த்தால், சண்டைக்கான கதவை ஒவ்வொரு வரியும் திறந்துவைக்கிறது. “நீயும் அவங்க மாதிரிதான்” என்பது நடந்ததைச் சொல்லவில்லை, தோழியின் குணத்துக்குத் தீர்ப்பு சொல்கிறது. “எப்பவுமே” என்ற சொல்லைப் பார்த்ததும் தோழியின் மனம் அப்படி இல்லாத நாட்களைத் தேடத் தொடங்கும். உடனே கிடைத்தும்விடும், ஏனென்றால் விடியும்வரை பேசியவள் அவள். “என்ன கெடுதல் பண்ணேன்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. “போன் பண்ணாத” என்ற கடைசி வரி, பதில் வரும் வழியையே அடைத்துவிடுகிறது.

கோபம் ஆறியதும் பலர் நேர் எதிர்த் திசைக்குப் போகிறார்கள்:

“ஒண்ணுமில்லடி, சும்மாதான். நேத்து என்னமோ கொஞ்சம் ஃபீலாயிடுச்சு. நான்தான் ஓவரா யோசிக்கறேன் போல. விடு. ஊருக்குப் போய்ச் சேந்துட்டியா?”

முடிவில் ஒரு சிரிப்புப் பொம்மையும் இருக்கும். இதைப் படிக்கிற தோழிக்கு எது வலித்தது, யார் சொன்னது வலித்தது, தன்னிடம் ஏன் சொல்கிறாள் என்று எதுவுமே தெரியாது. “சேந்துட்டேன்டி, நீ கவலப்படாத” என்று பதில் போடுவாள். எழுதியவளோ ‘சொல்லியும் இவளுக்குப் புரியலையே’ என்று முன்னைவிட அதிகமாகப் புண்படுவாள். முதல் செய்தியைவிட இதுதான் ஆபத்தானது. முதல் செய்தி சண்டையையாவது உண்டாக்கும். இது, சொல்லிவிட்டோம் என்ற பொய்யான எண்ணத்தை மட்டும் உண்டாக்கிவிட்டு நட்பை உள்ளுக்குள் அரிக்கும்.

எழுத்தில் தொனி எவ்வளவு தப்பிப்போகும் என்பதை ஜஸ்டின் க்ரூகரும் அவருடைய சகாக்களும் 2005-இல் சோதித்துப் பார்த்தார்கள். சில வாக்கியங்கள் உண்மையாகவும், சில வாக்கியங்கள் கிண்டலாகவும் எழுதப்பட்டு மின்னஞ்சலில் போயின. படிப்பவர் எது எது என்று கண்டுபிடித்துவிடுவார் என்று அனுப்பியவர்கள் நம்பியது நூற்றுக்கு 78 தடவை. படித்தவர்கள் சரியாகச் சொன்னது 56 தடவைதான். காசைச் சுண்டிப் பார்த்தாலே பாதி சரியாக வரும் என்னும்போது இது மிகக் குறைவு. அதே வாக்கியங்களைக் குரலில் கேட்டவர்கள் நான்கில் மூன்று பங்கு சரியாகச் சொன்னார்கள். எழுதுகிறவர் காதில் தன் குரல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது; படிப்பவர் காதில் அது இல்லை. அதனால் இப்படிப்பட்ட செய்தியில் குத்தல், குறிப்பால் உணர்த்துவது, முற்றுப்புள்ளிகளை வரிசையாக வைத்து நிறுத்துவது, ‘ஓகே’ என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பது எல்லாம் வேலைக்கு ஆகாது. நேர் வாக்கியம்தான் போய்ச் சேரும்.

இனி, அவள் இரண்டு நாள் கழித்து எழுதக்கூடிய செய்தி:

“ஞாயித்துக்கிழமை விஷயம் ஒண்ணு உன்கிட்ட மட்டும் சொல்லணும்டி. சாப்பிட உக்காந்தப்ப என் எக்ஸாமை வெச்சு ரெண்டு பேரும் கிண்டல் பண்ணாங்கல்ல, அப்ப நீ என் பக்கத்துலதான் இருந்த. ஒண்ணும் சொல்லல. அவங்க சொன்னதைவிட அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது. ரிசல்ட் வந்த ராத்திரி நான் எப்படி இருந்தேன்னு அவங்களுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். நானும் சிரிச்சேன், அதனால எனக்கு ஒண்ணுமில்லன்னு நீ நெனச்சிருக்கலாம். உன் மனசுல அப்ப என்ன ஓடிச்சுன்னு எனக்குத் தெரியல. எனக்காக அவங்ககிட்ட சண்டை போடுன்னு கேக்கல. அடுத்த தடவை இந்தப் பேச்சு வந்தா ‘அதை விடுங்கடி’ன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். உடனே பதில் போடணும்னு இல்ல. புதன்கிழமை சாயங்காலம் கூப்பிடறியா? பேசலாம்.”

இதில் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். நாள், இடம், பேச்சு மூன்றும் முதல் இரண்டு வரியிலேயே வந்துவிடுகின்றன. எந்த நிகழ்ச்சி என்று தோழி தேட வேண்டியதில்லை. பழைய கணக்குகள் எதுவும் உள்ளே வரவில்லை. “ஒண்ணும் சொல்லல” என்பது வீடியோ எடுத்திருந்தால் அதில் தெரியக்கூடிய விஷயம். அதை யாரும் மறுக்க முடியாது. “கைவிட்டுட்ட”, “வேடிக்கை பார்த்த” என்று எழுதியிருந்தால் அது அவளுடைய எண்ணத்தைப் பற்றிய ஊகமாக மாறி, மறுக்க இடம் கொடுத்திருக்கும். உதட்டோரச் சிரிப்பைக் கூட அவள் எழுதவில்லை என்பது கவனிக்க வேண்டியது. அந்தச் சிரிப்பு சங்கடமா, ரசிப்பா என்று பார்த்தவளுக்கே நிச்சயம் இல்லை. நிச்சயம் இல்லாத ஒன்றை எழுதினால், பதில் முழுவதும் “நான் எங்கடி சிரிச்சேன்?” என்பதிலேயே நின்றுவிடும். நேரில் பேசும்போது தேவைப்பட்டால் கேட்டுக்கொள்ளலாம்.

செய்தியின் உயிர் “அவங்களுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்” என்ற வரியில் இருக்கிறது. மற்ற மூவரையும் விட்டுவிட்டு இவளிடம் மட்டும் ஏன் வருத்தப்படுகிறாள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். கேட்பவளுக்கு அது குற்றச்சாட்டாகப் படுவதைவிட, தன்னை எவ்வளவு பெரிய இடத்தில் வைத்திருக்கிறாள் என்பதாகவே படும்.

“நானும் சிரிச்சேன்” என்று ஒப்புக்கொள்வதற்குப் பலருக்கு மனம் வராது. தன் வழக்கைத் தானே பலவீனப்படுத்துவதுபோல் தோன்றும். உண்மையில், தோழி முதலில் சொல்ல நினைத்திருக்கும் சமாதானம் அதுவாகத்தான் இருக்கும். அதை எழுதியவளே முன்கூட்டிச் சொல்லிவிட்டதால், தோழி அதைச் சொல்லித் தப்பிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது; அடுத்த படிக்குப் போகலாம்.

கேட்பது ஒன்றே ஒன்று. அதுவும் செய்யக்கூடிய அளவில். கூட்டத்தில் எழுந்து நின்று நியாயம் பேசச் சொன்னால், சண்டை என்றாலே ஒதுங்கும் குணமுள்ள ஒருத்தியால் முடியாது. முடியாததைக் கேட்டுவிட்டு அடுத்த முறை அவள் செய்யவில்லை என்று இன்னொரு முறை புண்பட வேண்டியிருக்கும். “அதை விடுங்கடி” என்பது இரண்டே சொல். அதைக்கூட யோசித்துச் சொல்ல வேண்டியதில்லை. என்ன சொல்வது என்பதையே கையில் கொடுத்தாயிற்று. வேடிக்கை பார்ப்பவர்கள் பலர் பேசாமல் போவதற்கு, அந்த நேரத்தில் என்ன சொல்வது என்று தோன்றாததும் ஒரு காரணம்.

கிண்டல் செய்த இருவரைப் பற்றி இதில் ஒரு வார்த்தையும் கிடையாது. அவர்களை ஒன்றிரண்டு வரி திட்டத் தோன்றும், தோழியும் ஆமாம் என்று சேர்ந்து திட்டுவாள், இருவரும் சமாதானமாகிவிடுவார்கள். ஆனால் அந்தச் சமாதானம் மூன்றாம் மனிதரைப் பேசி வந்தது. தோழியின் மௌனத்தைப் பற்றிய பேச்சு நடக்கவே இல்லை. இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. வாட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப ஒரு விநாடி போதும். தோழி கெட்ட எண்ணம் இல்லாமல், ‘இவ ரொம்ப வருத்தத்துல இருக்கா, பாருங்கடி’ என்று மற்றவர்களுக்கே காட்டிவிடக்கூடும். நால்வரும் படித்தாலும் தலைகுனிய வேண்டியிராத செய்தியாக அது இருக்க வேண்டும். மேலே உள்ள செய்தி அப்படித்தான் இருக்கிறது.

எழுதும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோழியின் பெயருக்குக் கீழே உள்ள பெட்டியில் நேரடியாகத் தட்டச்சு செய்யக்கூடாது. கை தவறி அரைகுறையாகப் போய்விடும். அனுப்பிய செய்தியைத் திருத்த வாட்ஸ்அப் தருவது பதினைந்து நிமிடம்தான்; அழித்தாலும், செய்தி அழிக்கப்பட்டது என்ற தடயம் அங்கே நிற்கும். அதைப் பார்த்துத் தோழி என்னவெல்லாமோ கற்பனை செய்வாள். ஒரு தாளில் எழுதுவது நல்லது. அல்லது வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதியில் எழுதி, ஓர் இரவு கழித்துப் படித்துப் பார்க்கலாம். காலையில் படிக்கும்போது எந்த வரி தோழிக்குத் தெரிய வேண்டியது, எந்த வரி தன் கோபம் தணிய எழுதியது என்று பிரித்துவிட முடியும். இரண்டாவது வகை எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். தாளில் எழுதியபோதே அவை தங்கள் வேலையைச் செய்துவிட்டன.

அதற்காக ரொம்ப நாள் தள்ளிப்போடவும் கூடாது. ஒரு மாதம் கழித்து “அன்னிக்கு நீ…” என்று ஆரம்பித்தால் தோழிக்கு அந்தப் பேச்சே நினைவில் இருக்காது. அவளைப் பொறுத்தவரை அது ரசம் கேட்ட ஒரு மதியம். ‘இவ்வளவு நாளா இதை மனசுல வெச்சுக்கிட்டுத்தான் என்கூடப் பேசினியா?’ என்று அவள் புண்பட வேண்டியதாகிவிடும். இரண்டு மூன்று நாள் சரியான இடைவெளி: கொதிப்பு அடங்கியிருக்கும், நிகழ்ச்சி மறந்திருக்காது.

செய்தி கதவைத் திறப்பதற்கு. பேச வேண்டியதைக் குரலில்தான் பேச வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் என்று நாள் குறிப்பிட்டது அதனால்தான். தோழிக்கு யோசிக்க அவகாசம் கிடைக்கிறது. நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லையே என்று எழுதியவள் போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை.

பதில் பல விதமாக வரும். “சாரிடி, எனக்கே அப்புறம் ஒரு மாதிரி இருந்துச்சு. நான் ஏதாவது சொல்லியிருக்கணும்” என்று வந்தால், அதில் தேட வேண்டியது இரண்டாவது வாக்கியம். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மன்னிப்புக் கேட்பதில் உள்ள ஆறு கூறுகளை மக்கள் எப்படி எடைபோடுகிறார்கள் என்று பார்த்தார். ‘என் தவறுதான்’ என்று பொறுப்பேற்பதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக எடுபட்டது. அடுத்தது, சரிசெய்ய முன்வருவது. ‘என்னை மன்னித்துவிடு’ என்று கேட்பது கடைசியில் நின்றது. தோழி நூறு தடவை சாரி சொல்வதைவிட, “நான் சொல்லியிருக்கணும்” என்று ஒரு தடவை சொல்வதும், “அடுத்த தடவை சொல்றேன்” என்பதும் மேல்.

“அவங்க விளையாட்டுக்குத்தான்டி சொன்னாங்க, நீ ஏன் சீரியஸா எடுத்துக்கற?” என்றும் வரலாம். நம் ஊரில் அதிகம் வரும் பதில் இதுதான். பேச்சைத் தோழி தன்னிடமிருந்து எடுத்து, கிண்டல் செய்தவர்கள் பக்கம் நகர்த்திவிட்டாள். அவர்களுடைய எண்ணம் என்ன என்று விவாதிக்கப் போனால் அதற்கு முடிவே கிடையாது. “அவங்க விளையாட்டா சொல்லியிருக்கலாம். நான் கேக்கறது உன்னைப் பத்தி” என்று ஒரே ஒரு முறை, குரலை உயர்த்தாமல் திருப்பிச் சொல்லலாம். அதற்கும் அதே பதில் வந்தால், அன்றைக்கு அங்கே நிறுத்திவிடுவது நல்லது.

பாரதியின் பாஞ்சாலி சபதத்தில் இந்த இடம் மிக நெருக்கமாக வருகிறது. நிறைந்த சபையில் பாஞ்சாலி நியாயம் கேட்கும்போது பீஷ்மர் சாஸ்திரத்தையும் வழக்கத்தையும் எடுத்துச் சொல்கிறார். நடப்பது கொடுமை என்று தெரிந்தும், தடுக்கத் தன்னால் ஆகாது என்கிறார். அதே சபையில் துரியோதனனின் சொந்தத் தம்பி விகர்ணன் எழுந்து, இது சரியில்லை என்று பேசிவிடுகிறான். அவன் பேச்சால் சபையின் முடிவு மாறவில்லை. ஆனாலும் நூற்றுவரில் அவன் ஒருவன் பெயர் தனியாக நினைவில் நிற்கிறது. பெரியவர் ஒருவர் காரணம் சொல்லி விலகுவதும், இளையவன் ஒருவன் பயன் இருக்கிறதா என்று பார்க்காமல் பேசுவதும் பாஞ்சாலிக்கு ஒன்றாகவா இருந்திருக்கும்? தோழியிடமிருந்து வரும் விளக்கங்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. காரணம் உண்மையாகவே இருக்கலாம். கேட்டவளுக்குத் தேவைப்பட்டது காரணம் இல்லை.

இன்னொரு பதிலுக்கும் தயாராக இருக்க வேண்டும். “நீயும் அன்னிக்கு என்னை அந்த ரூம்மேட் கிண்டல் பண்ணப்ப சும்மாதானே இருந்த?” என்று தோழி பழைய சம்பவம் ஒன்றை எடுக்கலாம். அது உண்மையாக இருந்தால், அதை அங்கேயே ஏற்றுக்கொள்வதுதான் முறை. தன் வலியைச் சொல்ல வந்த இடத்தில் இன்னொருவர் வலியைக் கேட்பது கஷ்டம்தான். ஆனால் இருவரும் ஒரே விஷயத்தில் புண்பட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தபின், “இனிமே நாம ரெண்டு பேரும் சும்மா இருக்க வேணாம்” என்ற பேச்சு எளிதாகிவிடும்.

எல்லா மௌனத்துக்கும் இந்தச் செய்தி பொருந்தாது. கிண்டல் செய்தவர் தோழியின் மேலதிகாரியாக இருந்தால், அல்லது அவளுடைய மாமியார் வீட்டு ஆளாக இருந்தால், அவள் பேசாததற்குக் காரணம் சங்கடம் இல்லை, பயம். அவளிடம் அங்கே பேசு என்று கேட்பது நியாயமில்லை. பிறகு தனியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாளா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஜாதியைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தாலோ, கல்லூரியில் சீனியர்கள் கூடி நின்று ராகிங் செய்திருந்தாலோ அது நட்புக் கணக்கில் பேசித் தீர்க்கிற விஷயமே இல்லை. ராகிங்கைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிமுறைகள் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொருந்தும். அங்கே பக்கத்தில் நின்ற தோழியிடம் கேட்க வேண்டியது சமாதானம் இல்லை, சாட்சி. “நீ பார்த்ததை நான் புகார் கொடுக்கறப்ப சொல்லுவியா?” என்பதுதான் அவளுக்கு அனுப்ப வேண்டிய செய்தி.

இதே தோழி அடுத்த முறையும் பேசாமல் இருந்தால்? முதல் செய்தி தெளிவாக இருந்திருந்தால் இரண்டாவது செய்தி வேண்டியதில்லை. அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் முடியவில்லை, அல்லது மனமில்லை. ஒரு தடவை தடுமாறி, பிறகு வெளியே வந்து “சொல்ல வந்தேன்டி, வாய் வரல” என்று சொல்பவளுக்குக் காலம் கொடுக்கலாம். அதுவும் இல்லாதவளோடு உறவை முறித்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. சினிமாவுக்குப் போகலாம், கல்யாணத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். அடுத்த தேர்வு முடிவு வரும் இரவில் மட்டும் வேறொருவரை அழைக்க வேண்டியிருக்கும்.